பஞ்சாலை மேலாளர்கள் என் மெயிலைத் திறப்பதில்லை: சப்ஜெக்ட் லைனில் என்ன கோளாறு?

கசிவுத்தேடி (கோவை)

வணக்கம். நாங்கள் ஒரு சின்னக் குழு. பஞ்சாலைகளில் கம்ப்ரசர் காற்று எங்கெங்கே கசிகிறது என்று அல்ட்ராசோனிக் கருவி வைத்துக் கண்டுபிடித்து, கசியும் இடத்தில் டேக் கட்டி, அறிக்கை கொடுக்கிறோம். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து ஆலைகளின் மெயின்டனன்ஸ் மேலாளர்களுக்கு மெயில் அனுப்புகிறோம். முகவரிகள் எல்லாம் கண்காட்சிகளில் கை மாற்றிய விசிட்டிங் கார்டுகளில் இருந்து எடுத்தவை. காசு கொடுத்து வாங்கிய பட்டியல் எதுவும் இல்லை.

மெயில் ஆங்கிலத்தில் போகிறது. சப்ஜெக்ட்டை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்:

"உங்கள் ஆலையின் மின்கட்டணத்தை 30% குறைக்க ஓர் அரிய வாய்ப்பு!!"

அடுத்த முறை அனுப்பியது:

"நீங்கள் அறியாமலே இழக்கும் லட்சங்கள்..."

இரண்டுக்குமே பதில் வரவில்லை. சப்ஜெக்ட்டை எப்படி மாற்றுவது?

விற்பனைப்புலி

ரொம்ப யோசிக்காதீர்கள். சப்ஜெக்ட் முன்னால் "Re:" போட்டு "நேற்றுப் பேசியது தொடர்பாக" என்று அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஓப்பன் ரேட் இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

கணினிக்கடை

எனக்குத் தெரிந்து உங்கள் மெயில் இன்பாக்ஸுக்கே போயிருக்காது. "வாய்ப்பு", "குறைக்க", "%", "!!" இதெல்லாம் ஸ்பாம் ஃபில்டர் பிடிக்கிற சொற்கள். அவற்றை எடுத்துவிட்டால் போதும், இன்பாக்ஸில் விழும். "இலவசம்" என்ற சொல்லை மறந்தும் போடாதீர்கள்.

ரிங்ஃப்ரேம்

நான் ஸ்பின்னிங் மில் ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். நீங்கள் மெயில் அனுப்புகிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

காலை ஷிப்ட் மாறுவதற்கு முன்னால் செல்போனில் மெயில் பார்ப்பேன். முதலில் கண் போவது அனுப்பியவர் பெயருக்கு. பெயர் தெரியவில்லை என்றால் சப்ஜெக்ட்டின் முதல் மூன்று நான்கு சொற்கள். அதற்குமேல் திரையிலும் தெரியாது, எனக்கும் பொறுமை கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் டெஸ்பாட்ச் ஆனதா, நேற்று ராத்திரி எந்த மெஷின் நின்றது, ஆடிட்டர் என்ன கேட்கிறார், இவற்றைத்தான் தேடுகிறேன். மீதியெல்லாம் விரலால் ஒரு தள்ளு.

உங்கள் முதல் சப்ஜெக்ட்டைப் பார்த்ததும் நான் அழிப்பதற்குக் காரணம் ஆச்சரியக்குறி இல்லை. அந்த 30% பொய். ஸ்பின்னிங் மில்லில் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பது நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம். கம்ப்ரசரின் பங்கு சிறியது. கசிவு மொத்தத்தையும் அடைத்தாலும் மில்லின் பில் 30% குறையவே குறையாது. இது எங்கள் ஃபிட்டருக்கே தெரியும். சப்ஜெக்ட்டிலேயே இப்படி ஒரு எண்ணைப் போடுகிறவர் மில்லுக்குள் கால் வைத்தவர் இல்லை என்று முடிவு செய்துவிடுவேன்.

கசிவுத்தேடி (கோவை)

அந்த 30% நாங்களாக விட்ட எண் இல்லை சார். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தள்ளும் காற்றில் 20 முதல் 30% வரை கசிவில் போகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்குதான்.

ரிங்ஃப்ரேம்

அது காற்றின் கணக்கு. நீங்கள் எழுதியது மின்கட்டணத்தின் கணக்கு. "கம்ப்ரசர் காற்றில் 30%" என்று எழுதியிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அஞ்சல்காரி

நான் இயந்திர உதிரிபாக நிறுவனங்களுக்கு வணிக மெயில் எழுதித் தருகிறேன். மேலே வந்தவற்றில் சிலதைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

கணினிக்கடை சொன்னதில் பாதி சரி. ஆச்சரியக்குறியும் "அரிய வாய்ப்பும்" போகவேண்டியவைதான், ஆனால் அது படிக்கிற மனிதருக்காக. இன்றைய ஃபில்டர்கள் ஒற்றைச் சொல்லுக்காக ஒரு மெயிலைக் குப்பையில் போடுவது அரிது. அனுப்பும் டொமைனுக்கு நற்பெயர் இருக்கிறதா, மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் SPF, DKIM, DMARC மூன்றும் சரியாக அமைத்திருக்கிறதா, முன்பு உங்கள் மெயில் கிடைத்தவர்களில் எத்தனை பேர் "ஸ்பாம்" பட்டனை அழுத்தினார்கள், இவைதான் அதிக எடை. கூகுள் 2024 பிப்ரவரியில் இருந்து மொத்தமாக அனுப்புவோருக்கு விதித்த வரம்பு, புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது. ஆயிரத்துக்கு மூன்று பேர். அந்த விதிகள் முழுதாகப் பொருந்துவது ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அனுப்புவோருக்கு. கசிவுத்தேடி அந்த அளவில் இல்லை, ஆனாலும் ஸ்பாம் பட்டனுக்கு மதிப்பு உண்டு. சின்ன ஆலைகள் பலவும் சாதாரண ஜிமெயில் முகவரிதான் வைத்திருக்கின்றன.

அதனால் விற்பனைப்புலியின் "Re:" யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பேசாததைப் பேசியதாக எண்ணித் திறக்கிறவர் இரண்டு நொடியில் ஏமாந்தது தெரிந்து அந்தப் பட்டனைத்தான் தேடுவார். அமெரிக்க பையருக்கு எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அங்கே 2003-இல் வந்த கேன்-ஸ்பாம் சட்டமே ஏமாற்றும் சப்ஜெக்ட்டைத் தடை செய்கிறது.

விற்பனைப்புலி

எல்லாம் சரி, எனக்கு ஓப்பன் ரேட் ஏறியது உண்மைதானே?

அஞ்சல்காரி

ஓப்பன் ரேட் எப்படி எண்ணப்படுகிறது? மெயிலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் லோடு ஆனால் "திறந்தார்" என்று கணக்கு. ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் மெயிலைத் தொடாவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடும். நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்களும் உள்ளே வரும் மெயிலைத் தாங்களே திறந்து சோதிக்கின்றன. படங்களை அடைத்து வைத்திருப்பவர் உண்மையாகவே படித்தாலும் கணக்கில் வரமாட்டார். உங்கள் இரண்டு மடங்கில் எத்தனை மனிதர், எத்தனை இயந்திரம் என்று பிரிக்க வழி இல்லை. பதில் எத்தனை வந்தது, அதைச் சொல்லுங்கள்.

விற்பனைப்புலி

பதில் பெரிதாக ஏறவில்லை. "நாம் எப்போது பேசினோம்?" என்று கேட்டு வந்தவை சில. அதையும் நான் உரையாடலாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மதுரை_புதுசு

என் மேனேஜரும் இதே கதைதான்! நான் அனுப்பும் மெயிலைத் திறப்பதே இல்லை. டோனர் வாங்க அனுமதி கேட்டு ஒரு வாரம் ஆகிறது. "Request" என்றுதான் சப்ஜெக்ட் போடுகிறேன். அதையும் மாற்றவேண்டுமா?

அஞ்சல்காரி

மதுரை_புதுசு, இங்கே பேசுவது வெளியாருக்கு எழுதும் மெயில். உங்களுடையது உள்ளே போகிற மெயில், அது இன்னும் சுலபம். அவர் உங்களை அறிவார், பெயரைப் பார்த்ததும் தள்ளமாட்டார். அவர் என்ன முடிவு செய்யவேண்டும், எவ்வளவு பணம், எப்போதைக்குள் என்று சப்ஜெக்ட்டிலேயே எழுதிவிடுங்கள். "ஒப்புதல் தேவை: பிரிண்டர் டோனர் ரூ. 6,400, வியாழனுக்குள்". திறக்காமலே "சரி" என்று பதில் போடக்கூடிய அளவுக்கு இருக்கட்டும். பழைய மெயில் இழையில் புது விஷயத்தைச் சேர்த்து அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விடுங்கள். "தீபாவளி போனஸ்" என்ற சப்ஜெக்ட்டுக்குள் டோனர் இருந்தால் யார் தேடுவது.

மதுரை_புதுசு

ஆமாம், அந்த டோனர் மெயில் போன மாத விடுப்பு இழையில்தான் இருக்கிறது 😐 மாற்றி அனுப்புகிறேன்.

அஞ்சல்காரி

கசிவுத்தேடியின் விஷயத்துக்கு வருகிறேன். ரிங்ஃப்ரேம் சார் தேடுவதாகச் சொன்ன மூன்றையும் பாருங்கள். ஸ்பேர் பார்ட்ஸ், நின்ற மெஷின், ஆடிட்டர். மூன்றும் அவர் மில்லுக்குள் இருக்கும் பொருளோ ஆளோ. "வாய்ப்பு", "லட்சங்கள்" அவர் மில்லில் எங்கே இருக்கின்றன? சப்ஜெக்ட்டில் முதல் சொல் அவர் கையால் தொடக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் அது கம்ப்ரசர். செல்போனில் ஆங்கில எழுத்து 35, 40 வரைதான் நிச்சயமாகத் தெரியும். எனவே கம்ப்ரசர் கடைசியில் வந்தால் வராததற்குச் சமம்.

அடுத்தது, ஆர்வத்தைத் தூண்டுவதற்கும் ஆவலைச் சுரண்டுவதற்கும் உள்ள வேறுபாடு. "நீங்கள் அறியாமலே இழக்கும் லட்சங்கள்..." எதைப் பற்றியது என்று திறந்தால்தான் தெரியும். வேண்டுமென்றே மறைத்தது. அதற்குப் பதிலாக அவரால் அங்கேயே பதில் தேடக்கூடிய ஒரு கேள்வி உங்களிடம் இருக்கிறதா? மேலாளர் தன் லாக் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது ஏதாவது?

கசிவுத்தேடி (கோவை)

இருக்கிறது. மெஷின் எதுவும் ஓடாதபோது லைனில் காற்றை விட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். யாரும் காற்று எடுக்காதபோதும் அது லோடு ஆகிறது, அதாவது காற்றை அழுத்தி லைனுக்குத் தள்ளுகிறது என்றால், அது முழுக்கக் கசிவுக்காக. 10 நிமிடத்தில் 3 நிமிடம் லோடு, 7 நிமிடம் அன்லோடு என்றால், அந்த கம்ப்ரசரின் கொள்ளளவில் 30% கசிவுக்கே போகிறது. கடிகாரம் மட்டும் போதும்.

அப்படியானால் இப்படி எழுதலாமா:

"கம்ப்ரசர்: பொங்கல் விடுமுறையில் எத்தனை நிமிடம் லோடு ஆனது?"

ரிங்ஃப்ரேம்

நல்ல மாற்றம், ஆனால் இதற்கும் நான் சிரிப்பேன். பொங்கல் விடுமுறையில் கம்ப்ரசரையே நிறுத்திவிடுவோம் தம்பி. மற்ற நாள் மூன்று ஷிப்டும் ஓட்டம். நீங்கள் சொல்லும் சோதனைக்கு எங்களிடம் இருக்கும் நேரம், விடுமுறை முடிந்து ஃபிட்டர் முதலில் வந்து லைனுக்குக் காற்று ஏற்றுவதற்கும் மெஷின் ஓடத் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள கொஞ்ச நேரம். அதைப் பிடியுங்கள்.

கசிவுத்தேடி (கோவை)

இது அருமை சார். அப்படியானால்:

"கம்ப்ரசர் லோடு நேரம்: பொங்கல் முடிந்து மெஷின் ஓட்டும் முன் 10 நிமிடச் சோதனை"

ரிங்ஃப்ரேம்

இதைத் திறப்பேன். இன்னொன்றும் செய்வேன், அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மெயிலை எலக்ட்ரிகல் சூப்பர்வைசருக்கு ஃபார்வர்டு செய்வேன், ஒரு சொல்கூட எழுதாமல். அவர் சப்ஜெக்ட்டைப் பார்த்தே என்ன செய்யவேண்டும் என்று புரிந்துகொள்வார். "அரிய வாய்ப்பு" மெயிலை அனுப்பினால் அந்த ஆள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

அஞ்சல்காரி

ஃபார்வர்டு விஷயம் நல்ல உரைகல், நான் எடுத்துக்கொள்கிறேன்.

கசிவுத்தேடி, சப்ஜெக்ட்டோடு வேலை முடியவில்லை. செல்போனில் சப்ஜெக்ட்டுக்குக் கீழே மெயிலின் முதல் வரி மங்கலாகத் தெரியும். உங்கள் மெயில் எப்படித் தொடங்குகிறது?

கசிவுத்தேடி (கோவை)

"மதிப்பிற்குரிய ஐயா, நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் நிறுவனம்..."

அஞ்சல்காரி

அந்த இடத்தை முழுக்க வீணடிக்கிறீர்கள். சப்ஜெக்ட் எதைச் சொல்கிறதோ அதை முதல் வரியே கொடுத்துவிடட்டும். இப்படி:

"வணக்கம். மெஷின்கள் நிற்கும்போது 10 நிமிடத்தில் 3 நிமிடம் கம்ப்ரசர் லோடு ஆனால், அதன் கொள்ளளவில் 30% கசிவில் போகிறது."

வணக்கம் ஒன்று போதும், மரியாதை குறையாது. சப்ஜெக்ட்டில் சொன்னது முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட்டால் அதை யாரும் கிளிக்பெய்ட் என்று சொல்லமுடியாது.

அனுப்பியவர் பெயரிலும் info@ என்று தெரியவேண்டாம். உங்கள் பெயரும் ஊரும் இருக்கட்டும். ரிங்ஃப்ரேம் சார் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று அவரே சொன்னாரே.

விற்பனைப்புலி

ஒரு நிமிடம். சோதனையை முதல் வரியிலேயே இலவசமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே செய்துகொள்வார்களே. இவரை எதற்குக் கூப்பிடுவார்கள்?

கசிவுத்தேடி (கோவை)

செய்யட்டும், அதுதான் எங்களுக்கு நல்லது. சோதனை "இவ்வளவு போகிறது" என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது. நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் வரிசையில் இருக்கும் கப்ளிங், ஹோஸ், சோலனாய்டு வால்வு எல்லாவற்றையும் மில் இரைச்சலில் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 7 பார் அழுத்தத்தில் ஒரு 3 மி.மீ. துளைக்கே கம்ப்ரசர் ஏறக்குறைய 3 முதல் 4 கிலோவாட் எரிக்கும். அது எந்தத் துளை என்று காட்டத்தான் நாங்கள்.

விற்பனைப்புலி

உங்கள் தொழிலுக்கு ஒத்துவரலாம். நான் விற்பது காப்பீடு. அங்கே இப்படி முதல் வரியில் கொடுக்க என்ன இருக்கிறது? எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

கணினிக்கடை

சப்ஜெக்ட்டைத் தமிழிலேயே அனுப்பினால் என்ன? ஆங்கில மெயில்களுக்கு நடுவில் பளிச்சென்று தெரியுமே.

அஞ்சல்காரி

தெரியும். தமிழ் எழுத்து அகலம் என்பதால் திரையில் இன்னும் குறைவான சொற்களே நிற்கும் என்பது ஒரு சிக்கல். இன்னொன்று, தமிழ் சப்ஜெக்ட் வழியில் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் பயணிக்கிறது. "காற்று" என்ற ஒரு சொல் இப்படிப் போகும்:

```
Subject: =?UTF-8?B?4K6V4K6+4K6x4K+N4K6x4K+B?=
```

ஜிமெயில், அவுட்லுக் எல்லாம் இதைத் தமிழாகவே காட்டும். ஆனால் மெயிலை உள்ளே இழுக்கும் பழைய ஈஆர்பி மென்பொருள் சிலவற்றில் இந்தக் கோலமே அப்படியே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரிங்ஃப்ரேம்

எங்கள் முதலாளிக்கு எழுதுவதானால் தமிழ் நல்லது. எனக்கு ஆங்கிலம் போதும். கம்ப்ரசர், லோடு, அன்லோடு எல்லாம் ஆங்கிலத்தில்தான் லாக் புத்தகத்தில் இருக்கிறது. ராஜபாளையத்தில் என் நண்பர் நேர் எதிராகச் சொல்வார்.

கசிவுத்தேடி (கோவை)

எங்கள் பட்டியலில் 180 முகவரிகள்தான். பாதிக்குத் தமிழ், பாதிக்கு ஆங்கிலம் அனுப்பி எது மேல் என்று பார்த்துவிடலாமா?

அஞ்சல்காரி

பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து முடிவு எடுக்காதீர்கள். 90 பேரில் ஒரு பக்கம் 4 பதில், மறுபக்கம் 7 பதில் வந்தால் 7 வென்றது போலத் தோன்றும். அந்த அளவு வித்தியாசம் ஒரே சப்ஜெக்ட்டை இரண்டு பக்கமும் அனுப்பினாலே சாதாரணமாக வரும். உங்கள் அளவில் எண்ணுவதைவிட வந்த பதில்களைப் படிப்பதுதான் பயன்.

பதில் வராதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதே இழையில் எழுதலாம். அங்கே "Re:" தானாக வரும், அது உண்மையானதும்கூட. சிலர் புது சப்ஜெக்ட் போடுவதே நல்லது என்கிறார்கள். ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினால் புது உரையாடலாகப் பிரிந்துவிடும், பழையது பார்வைக்கு வராது. நான் பழைய இழையிலேயே போடுவேன்.

ரிங்ஃப்ரேம்

எனக்குப் புதியது மேல். பழைய இழை மேலே வந்தால் "இதை அன்றைக்கே வேண்டாம் என்று விட்டோமே" என்று தோன்றும்.

கசிவுத்தேடி (கோவை)

புது சப்ஜெக்ட்டில் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிட்டேன். பதில்கள் வருகின்றன. இரண்டு ஆலைகள் சோதித்துப் பார்த்து நிமிடக் கணக்கையே எழுதி அனுப்பியிருக்கின்றன. ஒருவர் மட்டும் கொஞ்சம் சூடாக: "எங்களிடம் இருப்பது விஎஃப்டி கம்ப்ரசர். அதில் லோடு, அன்லோடு எங்கே வருகிறது? ஆலையைப் பற்றித் தெரியாமல் எழுதுகிறீர்கள்."

ரிங்ஃப்ரேம்

அவர் சொல்வது நியாயம். விஎஃப்டி என்றால் மோட்டார் வேகம் குறைந்து ஏறி ஈடுகட்டிக்கொள்ளும், நிமிடக் கணக்கு பொருந்தாது. அதே நேரத்தில் டிஸ்ப்ளேயில் எத்தனை கிலோவாட் காட்டுகிறது, முழு லோடில் எத்தனை என்று ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். பெரிய மில்களில் இப்போது விஎஃப்டி நிறைய.

அஞ்சல்காரி

அப்படியானால் பட்டியலை இரண்டாகப் பிரிக்கவேண்டும். விஎஃப்டி ஆலைகளுக்கு "கம்ப்ரசர் கிலோவாட்: மெஷின் ஓடாதபோது டிஸ்ப்ளேயில் எவ்வளவு?" என்று போகலாம். யாரிடம் எது இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

கசிவுத்தேடி (கோவை)

பாதிப் பேருக்கு விசிட்டிங் கார்டின் பின்னால் மாடல் பெயரைக் குறித்துவைத்திருக்கிறோம். மீதிக்கு கம்ப்ரசர் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவரைக் கேட்கவேண்டும். கோபப்பட்டவருக்கு நாளைக் காலை போன் செய்கிறேன்.